விபத்துக்குப் பின் பதிவான வாக்குமூலங்களைச் சுருக்கி எழுதுவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு

பிரஸ் ஷாப்பில் ஒருவருக்கு விரல் நசுங்கி மூன்று நாள் ஆகிறது. விசாரணைக் குழு நாலு பேரிடம் பேசி, போனில் பதிவு செய்து வைத்திருக்கிறது. "இதையெல்லாம் கேட்டு ரெண்டு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுங்க" என்று ஃபைல்கள் உங்கள் கைக்கு வருகின்றன. பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் இந்த வேலை பெரும்பாலும் வந்து சேரும். முடிவெடுக்கும் ஆட்களில் பலர் அந்தப் பதிவுகளைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் எழுதும் இரண்டு பக்கம்தான் அவர்கள் படிக்கப்போவது. அதில் ஒரு வினைச்சொல் பிசகினால் அடிபட்டவர் மேலேயே பழி விழும், மிஷினில் இருக்கும் கோளாறு அப்படியே இருந்துவிடும்.

பல விசாரணைகளில் பார்த்ததை ஒரே சம்பவமாகக் கோர்த்து, அதை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

சம்பவம் இது. 63 டன் மெக்கானிக்கல் பவர் பிரஸ், காற்றில் இயங்கும் கிளட்ச். ஆபரேட்டர் பிளாங்க்கை, அதாவது வெட்டிய தகட்டை, கையால் டை என்ற அச்சில் வைப்பார், மேலிருந்து ஸ்லைடு இறங்கி பிராக்கெட்டாக வளைக்கும். ஓட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டு கையாலும் பட்டன் அழுத்துவது ஒன்று, கால் பெடல் இன்னொன்று. எது என்று மாற்றுவதற்குச் சாவி போட்ட செலக்டர் சுவிட்ச். முன்பக்கம் லைட் கர்ட்டன், அதாவது கை உள்ளே இருந்தால் ஸ்லைடை நிறுத்தும் ஒளித்திரை. ஷிஃப்ட் ஆரம்பம் காலை 6 மணி. 9:30 வாக்கில் செட்டர் டை மாற்றினார். டீ 10 மணிக்கு. முதலுதவிப் பதிவேட்டில் விபத்தின் நேரம் 10:25. பேசிய நாலு பேர்: அடிபட்ட ஆபரேட்டர் (இந்தி பேசுபவர்), பிரஸ்ஸுக்குப் பின்னால் பீஸ் எடுத்து அடுக்கிய ஹெல்பர், பக்கத்து பிரஸ் ஆபரேட்டர், ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

முதலில் ஃபைல்களை ஒழுங்கு செய்யுங்கள்

அசல் பதிவைத் தொடாதீர்கள். அதைத் தனி இடத்தில் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: யார் பேசினார், எந்த நாள் எத்தனை மணிக்கு, எந்த மொழியில், மொழிபெயர்த்தது யார், அறையில் வேறு யார் உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தகவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூப்பர்வைசர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஹெல்பர் சொன்ன பதிலும், அவர் இல்லாதபோது சொன்ன பதிலும் ஒரே எடை கொண்டவை ஆகாது. அதைப் படிப்பவருக்குத் தெரியப்படுத்துவது உங்கள் வேலை.

அப்புறம், எழுதாமல் ஒரு தடவை முழுவதும் கேளுங்கள். யார் எங்கே நின்றார் என்று மனதில் ஒரு வரைபடம் உருவாகட்டும். இரண்டாம் தடவைதான் குறிப்பு. இருபது நிமிடப் பதிவைக் குறிப்பெடுக்க எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. அதைவிடச் சீக்கிரம் முடிந்தால் எதையோ தாண்டிப் போயிருக்கிறேன் என்று திரும்பக் கேட்பேன்.

ஒரு வரியில் ஒரு செய்தி, பக்கத்தில் நேரம், எப்படித் தெரியும் என்ற குறி

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு செய்தியையும் தனி வரியாக உடையுங்கள். பதிவில் அது வரும் நிமிடம், நொடியைப் போடுங்கள். பிறகு, சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் எழுத்து. நான் வைத்திருக்கும் குறிகள் நாலு: கண்ணால் பார்த்தது க, காதால் கேட்ட சத்தம் கே, பிறர் சொல்லித் தெரிந்தது பி, ஊகம் ஊ.

இந்தக் குறியைப் போடும் இடத்தில்தான் தமிழ்ப் பேச்சை நன்றாகக் கவனிக்க வேண்டும். நம் பேச்சில் குறி ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது நாமே அதைத் துடைத்துவிடுகிறோம்.

ஹெல்பர் தன் பதிவின் 6:50-இல் சொல்கிறார்: "சாவி செட்டர்கிட்டதான் இருந்துச்சாம்." இதைச் "சாவி செட்டரிடம் இருந்தது" என்று எழுதினால் அந்த 'ஆம்' போய்விட்டது. யாரோ சொன்னது, இப்போது ஹெல்பர் கண்ணால் பார்த்த சாட்சியம் ஆகிவிட்டது. அதே சாவியைப் பற்றி சூப்பர்வைசர் 7:30-இல் சொல்வது: "அது ஆபீஸ்லதான் இருக்கும்." இருந்தது என்று அவர் சொல்லவில்லை. வழக்கமாக அங்கே இருக்கும் என்கிறார், அல்லது அங்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறார். சுருக்கத்தில் "சாவி அலுவலகத்தில் இருந்ததாகச் சூப்பர்வைசர் தெரிவித்தார்" என்று வந்தால், ஒருவர் பார்த்ததும் இன்னொருவர் பார்த்ததும் மோதுகிற மாதிரி தோன்றும். உண்மையில் இருவருமே சாவியைப் பார்க்கவில்லை.

இன்னொன்று, 'ஆங்க' என்று முடியும் வினை. "கர்ட்டனை ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க" என்றால் யார்? பலரா, மரியாதைக்குரிய ஒருவரா, யாரென்று தெரியாத யாரோவா? பேட்டி எடுத்தவர் "யாரு?" என்று கேட்டிருந்தால் பதிலை எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் "(யார் என்று கேட்கப்படவில்லை)" என்று எழுதுங்கள். "ஆஃப் செய்யப்பட்டிருந்தது" என்று மாற்றிவிட்டால் வாக்கியம் அழகாகிவிடும், கேட்க வேண்டிய கேள்வி மறைந்துபோகும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அழுத்து, அழுந்து என்ற ஜோடி. ஆபரேட்டரின் பதிவு 4:10-இல் அவர் சொல்வது "பெடல் தப் கயா". மொழிபெயர்க்க உட்கார்ந்த சக ஊழியர் உடனே, "பெடலை அழுத்திட்டாராம்" என்கிறார். இந்தியில் 'தபாயா' என்றால் அழுத்தினேன். 'தப் கயா' என்றால் அழுந்திவிட்டது. தமிழில் "அழுத்திட்டேன்" என்பதற்கும் "அழுந்திடுச்சு" என்பதற்கும் உள்ள அதே வித்தியாசம். முதலாவதில் ஆள் செய்கிறார். இரண்டாவதில் பெடலுக்கு ஏதோ ஆகிறது: கால் தெரியாமல் பட்டிருக்கலாம், மேலே ஏதாவது விழுந்திருக்கலாம். பெடலுக்கு மேல் மூடி இருந்ததா என்ற கேள்வியே இரண்டாவதைக் கேட்டால்தான் எழும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு மொழிபெயர்ப்பை நம்பி, "பெடலை அழுத்தியதாக ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். அந்த மனிதர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'ஒப்புக்கொண்டார்' என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். அதைத் திருத்துவதற்குள் அது இரண்டு கூட்டங்களில் வாசிக்கப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து சுருக்கத்தில் 'சொன்னார்', 'என்றார்' தவிர வேறு வினை போடுவதில்லை. ஒப்புக்கொண்டார், மறுத்தார், மழுப்பினார், வலியுறுத்தினார் எல்லாமே தீர்ப்பை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் சொற்கள்.

வேற்றுமொழிப் பதிவு இருந்தால், விபத்து நடந்த அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிய வாக்கியங்களை மட்டுமாவது, அந்த ஷாப்பில் வேலை செய்யாத இன்னொருவரிடம் போட்டுக்காட்டிக் கேளுங்கள். சுருக்கத்தில் மூலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள்.

கட்டம் போடுங்கள்

நாலு பேரின் குறிப்பும் தயாரானதும் ஒரு பெரிய தாளில் கட்டம். மேலே ஆட்கள், பக்கவாட்டில் கேள்விகள். கேள்விகளை நேர வரிசையில் அடுக்கினால் நல்லது. நம் சம்பவத்தில் மூன்று வரிகள் மட்டும் இங்கே:

| கேள்வி | ஆபரேட்டர் | ஹெல்பர் | பக்கத்து ஆபரேட்டர் | சூப்பர்வைசர் |
|---|---|---|---|---|
| பெடலா, இரு கை பட்டனா? | பெடல் (க, 4:05) | பெடல்; டீக்கு முன் பிளாங்க் கொண்டுவந்தபோது பார்த்தது (க, 2:35) | பெடல்; டை மாத்துனதிலிருந்தே (க, 3:02) | இரு கை பட்டன்; ஷிஃப்ட் ஆரம்பத்தில் பார்த்தது (க, 1:50) |
| ஸ்லைடு எத்தனை தடவை இறங்கியது? | கேட்கவில்லை | "டமார் டமார்னு ரெண்டு சத்தம்" (கே, 6:20) | "ஒரே சத்தம்தான்" (கே, 5:15) | அப்போது அங்கே இல்லை என்றார் (2:20) |
| லைட் கர்ட்டன் வேலை செய்ததா? | கேட்கவில்லை | தெரியாது என்றார் (7:40) | கேட்கவில்லை | "செக்லிஸ்ட்ல டிக் இருக்கு" (8:05) |

காலிக் கட்டம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. 'கேட்கவில்லை' என்பது நம் குறை. 'தெரியாது என்றார்' என்பது சாட்சியின் பதில். கோடு போட்டு விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இங்கே பாருங்கள், கையை உள்ளே விட்டவரிடமே லைட் கர்ட்டனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பதிவை நாலு தடவை கேட்டாலும் இது உறைக்காது, கட்டம் போட்டவுடன் தெரியும்.

சூப்பர்வைசரின் கடைசிக் கட்டத்தையும் பாருங்கள். கர்ட்டன் வேலை செய்தது என்று அவர் சொல்லவில்லை, டிக் இருக்கிறது என்றார். அந்த டிக்கை யார் போட்டது, கையை நீட்டிச் சோதித்துப் போட்டதா, டை மாற்றிய பிறகும் சோதித்தார்களா என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

ஒத்துப்போவதை உடனே நம்பாதீர்கள்

மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் அது உறுதி என்று தோன்றும். மூன்று பேருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஹெல்பரும் பக்கத்து ஆபரேட்டரும் "அவசரத்துல கையை விட்டுட்டாரு" என்கிறார்கள், கிட்டத்தட்ட அதே சொற்களில். ஆனால் ஹெல்பர் நின்றது பிரஸ்ஸுக்குப் பின்னால். அங்கிருந்து ஆபரேட்டரின் கை உள்ளே போவது தெரியாது. பக்கத்து ஆபரேட்டர் 9:10-இல், "ஆஸ்பத்திரியில எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டாங்க" என்கிறார். ஆக அது இரண்டு சாட்சியம் கிடையாது. ஒரு பேச்சு, இரண்டு வாய். இரண்டு கட்டத்திலும் 'பி' போட்டு, பக்கத்திலேயே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுத்த இடங்களும் இருக்கும். "பெடல்லதானே ஓட்டிக்கிட்டிருந்தாரு?" "ஆமா சார்." இந்த 'ஆமா' சாட்சி தானாகச் சொன்னதற்குச் சமமாகாது. அப்படிப்பட்ட பதில்களுக்கு நான் நட்சத்திரக் குறி போட்டு, கேள்வியையும் சேர்த்து எழுதுவேன். நம் சம்பவத்தில் பெடல் என்பதை மூவரும் கேட்காமலே தாங்களாகச் சொன்னார்கள், வெவ்வேறு நேரத்தில் பார்த்ததைச் சொன்னார்கள். அதனால் இந்த ஒற்றுமைக்கு வலு இருக்கிறது, அதையும் எழுத வேண்டும்.

முரண்பாடு: முதலில் நேரம், பிறகு இடம், கடைசியில்தான் முரண்

சூப்பர்வைசர் இரு கை பட்டன் என்கிறார், மற்ற மூவரும் பெடல் என்கிறார்கள். மூன்றுக்கு ஒன்று என்று ஓட்டெடுத்து முடிக்கிற விஷயம் இல்லை இது. அவர் பார்த்தது 6 மணிக்கு. மற்றவர்கள் பேசுவது 9:30-க்கு அப்புறம். இடையில் டை மாறியிருக்கிறது. இரண்டு தரப்பும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் இது முரண்பாடே கிடையாது, ஓர் இடைவெளி: 6 மணிக்கும் 9:30-க்கும் நடுவிலோ, டை மாற்றும்போதோ, யாரோ சாவி போட்டு மாற்றியிருக்கிறார்கள். சுருக்கத்தில் இப்படியே எழுதலாம். "சூப்பர்வைசர் சொல்வது தவறு" என்ற வரிக்கு இங்கே ஆதாரமில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தொழிலாளர்கள் மணி பார்த்துச் சொல்வது குறைவு. "டீ முடிச்சு வந்து நாலஞ்சு பீஸ் அடிச்சிருப்பாரு" என்பார்கள். அதை நீங்களே 10:20 என்று மாற்றாதீர்கள். அவர் சொன்னபடி எழுதிவிட்டு, டீ பெல் எத்தனை மணிக்கு என்பதைத் தனியாகப் பக்கத்தில் எழுதுங்கள்.

சத்தம் பற்றியது உண்மையான முரண். ஒரே சம்பவம், ஒரே நேரம், இருவரும் காதால் கேட்டது. முதலில் இடத்தையும் நிலைமையையும் பார்க்க வேண்டும்: பக்கத்து ஆபரேட்டரின் பிரஸ் அப்போது ஓடிக்கொண்டிருந்ததா, காதில் இயர் பிளக் இருந்ததா? இரண்டும் கேட்கப்படவில்லை. ஹெல்பர் சொல்லும் முதல் சத்தம் அதற்கு முந்தைய பீஸ் அடித்த சத்தமாக இருக்குமோ? அதுவும் கேட்கப்படவில்லை.

இதை "சத்தம் குறித்துச் சிறு வேறுபாடு உள்ளது" என்று ஒரு வரியில் தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள். ஒரு தடவை பெடலைத் தொட்டதற்கு ஸ்லைடு இரண்டு தடவை இறங்கியது என்றால் அது மிஷின் கோளாறு. கிளட்ச்சுக்குக் காற்று விடும் வால்வு சரியாக மூடாமல் ஒட்டிக்கொண்டாலோ, பிரேக் தேய்ந்திருந்தாலோ, மேலே போய் நிற்க வேண்டிய ஸ்லைடு நிற்காமல் மறுபடி இறங்கும். அது உண்மையென்றால், ஆபரேட்டர் பீஸை எடுக்கக் கையை விட்டது முதல் ஸ்ட்ரோக் முடிந்த பிறகாக இருக்கலாம். விபத்தின் கதையே மாறிவிடும். ஒரு முரண்பாடு எவ்வளவு முக்கியம் என்பது எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதில் இல்லை. எந்தப் பக்கம் உண்மையானால் என்ன மாறும் என்பதை வைத்துதான் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

யார் சொல்வது சரி என்று சுருக்கம் எழுதுபவர் முடிவு செய்யக்கூடாது. எதைப் பார்த்தால் தெரியும் என்று எழுதலாம். இங்கே பிரேக்கையும் வால்வையும் யாரும் கைவைப்பதற்கு முன் சோதிப்பது முதல் வழி. ஸ்ட்ரோக் கவுண்டரையும் பெட்டியில் இருக்கும் பீஸ் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது இன்னொன்று. ஆனால் டை மாற்றியதும் செட்டர் அடித்துப் பார்த்த ட்ரையல் ஸ்ட்ரோக்குகளும் கவுண்டரில் ஏறியிருக்கும், அதனால் அந்த எண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது.

இடைவெளி: பேச்சில் வருகிறார், பதிவில் இல்லை

கட்டம் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நாலு பதிவுகளிலும் யார் யார் பெயர் அடிபடுகிறது என்று தனியாக எழுதுங்கள். நம் சம்பவத்தில் நாலு பேருமே செட்டரைப் பற்றிப் பேசுகிறார்கள்: டை மாற்றினார், சாவி அவரிடம் இருந்ததாம், ட்ரையல் அடித்தார், டீக்குப் போய்விட்டார். செட்டரிடம் யாரும் பேசவில்லை. அவருக்கு வாராந்திர விடுப்பு வந்துவிட்டது, குழு காத்திருக்கவில்லை. இந்த விசாரணையின் மிகப் பெரிய இடைவெளி இதுதான், அது சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இடைவெளிகளைக் கேள்விகளாக எழுதுங்கள். "லைட் கர்ட்டன் குறித்த தகவல் போதாது" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "ஆபரேட்டரிடம்: கை உள்ளே இருக்கும்போது இதற்கு முன் எப்போதாவது ஸ்லைடு நின்றிருக்கிறதா? செட்டரிடம்: டை மாற்றும்போது கர்ட்டனை என்ன செய்தீர்கள், ட்ரையல் முடிந்ததும் என்ன செய்தீர்கள்?" என்று எழுதினால் குழு அதை எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் கேட்கலாம்.

சுருக்கத்தை எழுதுவது

கட்டம் சரியாக இருந்தால் எழுத அதிக நேரம் ஆகாது. முதல் பத்தியில் யார் யாரிடம் பேசினோம், யாரிடம் பேசவில்லை. அடுத்து எல்லோரும் ஒத்துச் சொல்பவை, பிறகு முரண்படுபவை, பிறகு கேட்க வேண்டிய கேள்விகள். பெயருக்குப் பதில் பொறுப்பை எழுதுங்கள், பெயர்ப் பட்டியல் தனித் தாளில் இருக்கட்டும். முரண்பாட்டுப் பகுதியின் ஒரு பத்தி இப்படி இருக்கும்:

"ஸ்லைடு எத்தனை தடவை இறங்கியது: ஹெல்பர் இரண்டு சத்தம் கேட்டதாகச் சொன்னார் (6:20). பக்கத்து ஆபரேட்டர் ஒரே சத்தம் என்றார் (5:15). இருவரும் ஸ்லைடைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆபரேட்டர் இயர் பிளக் அணிந்திருந்தாரா, அவர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்கப்படவில்லை. ஆபரேட்டரிடம் இந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. இரண்டு தடவை இறங்கியது சரியென்றால் பிரேக், கிளட்ச் வால்வு கோளாறு இருக்க வாய்ப்புண்டு. சோதனை முடியும்வரை மிஷினை ஓட்டாமல் வைப்பது நல்லது."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு நேரக்குறி இருக்கிறதா, இல்லையென்றால் அது 'கேட்கப்படவில்லை' வகையா, அல்லது உங்கள் சொந்தக் கருத்தா என்று சரிபாருங்கள். மேலே உள்ள பத்தியில் கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும்தான் எழுதியவரின் கருத்து. அவை கருத்து என்று பார்த்தவுடன் தெரிகிறது. 'ஆகவே', 'இதிலிருந்து' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களைத் தேடிப் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் நம் முடிவு சாட்சியின் வாயில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

கொடுப்பதற்கு முன், ஒவ்வொருவர் சொன்னதாக எழுதிய பகுதியை அவரவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் சொன்னதைக் காட்டக்கூடாது, அவர் பகுதி மட்டும். ஆபரேட்டருக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து வாசியுங்கள். அவர் ஏதாவது திருத்தினால் பழைய வரியை அழிக்காமல், கீழே "வாசித்துக் காட்டியபோது இப்படிச் சொன்னார்" என்று தேதியோடு சேர்த்து எழுதுங்கள். செட்டர் விடுப்பு முடிந்து வந்து பேசியதும் கட்டத்தில் ஐந்தாவது ஆளாக அவருக்கும் ஒரு நெடுவரிசை வரும். அவர் சொல்வதற்கு ஏற்ப மற்ற நாலு பேரின் நெடுவரிசைகளில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், புதிய தேதி போட்டு இரண்டாம் பிரதியாகக் கொடுங்கள். முதல் பிரதியும் ஃபைலில் இருக்கட்டும்.